திருமணத்துக்குப் பின் வீட்டுப் பணம்: ஒரே கணக்கா, தனித்தனிக் கணக்கா, இரண்டும் சேர்ந்ததா?

கணவன் மனைவி இருவருமே சம்பாதிக்கும் வீடுகளில், திருமணமான சில மாதங்களுக்குள் எழும் கேள்வி இது: வங்கியில் கூட்டுக் கணக்கு தொடங்கலாமா, அல்லது அவரவர் சம்பளம் அவரவர் கணக்கிலேயே இருக்கட்டுமா? கேட்பவர்களில் பெரும்பாலோர் இதை வங்கி சம்பந்தப்பட்ட கேள்வியாக நினைக்கிறார்கள். ஆனால் வங்கிக் கணக்கைத் தேர்வதற்கு முன், எது வீட்டுச் செலவு, எது அவரவர் தனிக் கடமை என்பதை இருவரும் பேசி முடித்திருக்க வேண்டும். அது பேசப்படாத வீட்டில் எந்த வகைக் கணக்கைத் தொடங்கினாலும் ஆறு மாதத்தில் மனக்கசப்பு வந்துவிடுகிறது. அதனால் இங்கே கணக்கு வகைகளை ஒப்பிடுவதோடு, அந்தப் பேச்சை எப்படித் தொடங்குவது என்பதையும் ஓர் உதாரணத்தோடு எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு அளவுகோல்கள் போதும். முதலாவது, வாடகை, மளிகை, மின்கட்டணம் போன்றவை யாரும் யாரிடமும் கேட்காமலே நடக்கின்றனவா என்பது. இரண்டாவது, கணக்குச் சொல்லத் தேவையில்லாத ஒரு தொகை இருவர் கையிலும் மிஞ்சுகிறதா என்பது. மூன்றாவது, ஒருவர் மருத்துவமனையில் படுத்துவிட்டாலோ இறந்துவிட்டாலோ மற்றவரின் கை பணத்துக்கு எட்டுமா என்பது. நான்காவது, உறவில் விரிசல் வந்தால் யாருடைய உழைப்பு எங்கே போயிற்று என்பதற்குச் சான்று இருக்குமா என்பது. புதிதாகத் திருமணமானவர்களுக்குக் கடைசி இரண்டையும் வாய்விட்டுப் பேசுவது அபசகுனமாகப் படலாம். இருந்தாலும் கணக்கு வகைகளுக்கு இடையிலான உண்மையான வேறுபாடு அந்த இரண்டில்தான் தெரிகிறது.

## ஒருவர் கையில் எல்லாம்

ஒருவர் சம்பாதித்து, மாதம் ஒரு தொகையை வீட்டுச் செலவுக்குக் கொடுப்பது, அல்லது இருவர் சம்பளத்தையும் ஒருவரே வாங்கி நிர்வகிப்பது நம் ஊரில் பழகிய முறை. ஒருவருக்குக் கணக்கு வழக்கில் ஈடுபாடும் மற்றவருக்கு அதில் நாட்டமின்மையும் இருந்தால் இது சச்சரவின்றி ஓடும்.

இதன் மறைமுக விலை, மற்றவருக்கு எதுவும் தெரியாமல் போவது. எந்த வங்கியில் வைப்புத்தொகை இருக்கிறது, எந்தச் சீட்டு எப்போது முடிகிறது என்பதெல்லாம் ஒரே தலைக்குள் இருக்கும். கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் இருந்து, வாரிசு நியமனமும் செய்யாமல் அவர் இறந்துவிட்டால், வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்றிதழ் வாங்கி, மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் பெற்றுக்கொண்டு வங்கிக்கு அலைய வேண்டியிருக்கும். கணவரின் ஏடிஎம் கார்டும் ரகசிய எண்ணும் மனைவியிடம் இருப்பதே போதும் என்று நினைப்பதும் சரியல்ல. கார்டை அதற்குரியவர் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது வங்கி விதி. மனைவியின் கார்டைக் கணவர் பயன்படுத்தியபோது இயந்திரத்தில் பணம் வராமலே கணக்கில் கழிந்துவிட்ட ஒரு வழக்கில், 2018இல் பெங்களூரு நுகர்வோர் மன்றம் இந்த விதியைக் காட்டித்தான் கோரிக்கையை மறுத்தது.

வரி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கணவர் கொடுத்த பணத்தைச் சம்பாத்தியம் இல்லாத மனைவி தன் பெயரில் வைப்புத்தொகையாகப் போட்டால், கொடுத்த பணத்துக்கு வரி கிடையாது. ஆனால் அதிலிருந்து வரும் வட்டி கணவரின் வருமானத்தோடு சேர்க்கப்படும்.

## தனித்தனிக் கணக்கு, செலவு மட்டும் பகிர்வு

வாடகை அவர் கட்டுவார், மளிகையும் காய்கறியும் இவர் பார்த்துக்கொள்வார் என்ற ஏற்பாடு இது. தொடங்குவதற்கு எதுவுமே செய்ய வேண்டாம் என்பதால்தான் பலரும் இதற்குள் தானாகவே விழுந்துவிடுகிறார்கள். இருவருக்கும் ஏறக்குறைய சமமான சம்பளம் இருந்து, பெரிய சொத்து எதுவும் வாங்கும் யோசனை இல்லாத காலத்தில் இது நன்றாகவே நடக்கும். மறுமணம் செய்துகொண்டு, முதல் திருமணத்துப் பிள்ளைகளுக்கான கடமை ஒருவருக்கு இருக்கும்போதும் இதுவே தெளிவானது.

இதில் ஒளிந்திருக்கும் விலை மெதுவாகத்தான் தெரியவரும். ஒருவர் சம்பளத்திலிருந்து அடுக்குமாடி வீட்டின் இஎம்ஐ போகிறது. மற்றவர் சம்பளம் அரிசி, பருப்பு, பால், பள்ளிக் கட்டணம் என்று போகிறது. மாதாமாதம் இருவரும் ஒரே அளவு செலவழித்திருந்தாலும், பத்து ஆண்டு கழித்து ஒருவர் பெயரில் வீடு நிற்கும். மற்றவர் செலவழித்ததற்கு ஒரு சீட்டுகூட மிஞ்சாது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்துகளில், வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்த மனைவிக்கும் சமபங்கு உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 ஜூன் மாதம் தீர்ப்பளித்தது. ஆனால் அது பல ஆண்டு வழக்குக்குப் பிறகு கிடைத்த நியாயம். தனிக் கணக்கு முறையைத் தேர்பவர்கள், சொத்தாக மாறும் செலவையும் கரைந்துபோகும் செலவையும் இருவருக்கும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இஎம்ஐயை ஒருவர்தான் கட்டுகிறார் என்றாலும் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும்.

## இரு சம்பளமும் ஒரே கூட்டுக் கணக்கில்

எல்லா வரவும் ஒரே இடத்தில் விழுவதால் மாதக் கடைசியில் என்ன மிஞ்சியது என்று பார்ப்பது எளிது. ஒருவருக்கு வேலை போனாலும் வீட்டு நிர்வாகம் மாறாது. குழந்தை பிறந்து ஒருவர் சில ஆண்டுகள் வீட்டில் இருக்கப் போகிறார் என்றால், அவர் மாதாமாதம் கேட்டு வாங்கும் நிலை வராமல் காப்பது இந்த முறைதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, விண்ணப்பப் படிவத்தில் கணக்கை இயக்கும் முறை என்ற கட்டம். ‘ஐதர் ஆர் சர்வைவர்’ என்பதைத் தேர்ந்தால் இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாகப் பணம் எடுக்கலாம்; ஒருவர் இறந்தால் மற்றவர் தொடர்ந்து எடுக்கலாம். ‘ஃபார்மர் ஆர் சர்வைவர்’ என்றால் முதலில் பெயர் உள்ளவர் இருக்கும்வரை அவர் மட்டுமே எடுக்க முடியும். இரண்டாமவர் பெயர் பாஸ்புக்கில் அச்சாகியிருந்தாலும் அவரால் ஒரு ரூபாய்கூடத் தொட முடியாது. ‘ஜாயிண்ட்லி’ என்றால் ஒவ்வொரு முறையும் இருவர் கையெழுத்தும் வேண்டும். அத்தகைய கணக்குக்குப் பொதுவாக ஏடிஎம் கார்டு தருவதில்லை என்பதால் வீட்டுச் செலவுக்கு அது ஒத்துவராது. அவசரத்தில் நிரப்பிய படிவத்தில் இரண்டாவது வகை குறிக்கப்பட்டிருந்து, மனைவிக்குத் தேவை வந்த நாளில்தான் அது தெரியவரும் வீடுகள் உண்டு.

முதல் வகையின் வசதியே அதன் ஆபத்தும்கூட: மற்றவருக்குத் தெரியாமல் ஒருவர் முழுத் தொகையையும் எடுத்துவிட முடியும், வங்கி அதைத் தடுக்காது. தகராறு வந்தபின் இருவரில் ஒருவர் எழுத்து மூலம் வங்கிக்குத் தெரிவித்தால்தான் தனியாக எடுப்பது நிறுத்தப்படும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் அதனால் பயனில்லை. இரண்டாவது சங்கடம் சிறியது, ஆனால் அன்றாடமானது: ஒவ்வொரு செலவுக்கும் இருவர் கைபேசியிலும் குறுஞ்செய்தி வரும். தங்கைக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தாலும் விளக்கம் சொல்லும் மனநிலை உருவாகிவிடுகிறது. மூன்றாவது, நிறுவனம் தொடங்கித் தந்த சம்பளக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு விலக்கு, விபத்துக் காப்பீடு போன்ற சலுகைகள் இருக்கலாம். சம்பளம் அதில் வருவது நின்றால் சில மாதங்களில் அது சாதாரணக் கணக்காக மாறி, சலுகைகளும் போய்விடும்.

‘சர்வைவர்’ என்ற சொல்லைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். கணவர் இறந்தால் கூட்டுக் கணக்கிலுள்ள பணத்தை மனைவியிடம் கொடுப்பதோடு வங்கியின் பொறுப்பு முடிகிறது. அந்தப் பணம் முழுவதும் அவருக்கே சொந்தம் என்று ஆகிவிடாது. உயில் இல்லாத நிலையில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, பிள்ளைகளோடு இறந்தவரின் தாயும் முதல் வகுப்பு வாரிசு. கணவரின் பங்கில் மாமியாருக்கும் உரிமை உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. வாரிசு நியமனத்துக்கும் இதே விதிதான்.

## தனிக் கணக்குகளோடு ஒரு பொதுக் கணக்கு

சம்பளம் அவரவர் கணக்கில் விழும். மாதத் தொடக்கத்தில் பேசிவைத்த தொகை இரு கணக்குகளிலிருந்தும் ஒரு பொதுக் கணக்குக்கு வரும். வீட்டுச் செலவு அத்தனையும் அதிலிருந்து போகும். இருவரும் சம்பாதிக்கும் புதுத் தம்பதிகளுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இதைத்தான். தகராறு வந்தாலும் ஆபத்துக்குள்ளாவது ஒரு மாதச் செலவுப் பணமும் அவசர நிதியும் மட்டுமே. யார் எவ்வளவு போட்டார்கள் என்பதும் வங்கி அறிக்கையிலேயே பதிவாகிவிடும்.

இதன் விலை பராமரிப்பு. மூன்று கணக்குகளைப் பார்க்க வேண்டும். சில வங்கிகளில் குறைந்தபட்ச இருப்பைப் பராமரிக்க வேண்டும். தானியங்கிப் பரிமாற்றத்தைச் சம்பள நாளுக்கு அடுத்த நாளில் அமைக்காவிட்டால் மாதாமாதம் ஒருவர் மற்றவருக்கு நினைவூட்ட நேரும். பொதுக் கணக்கில் எவ்வளவு போடுவது என்ற கேள்விக்கு இந்த முறை தானாகப் பதில் தருவதும் இல்லை.

| அளவுகோல் | ஒருவர் கையில் | தனித்தனி | முழுக் கூட்டு | மூன்று கணக்கு |
|---|---|---|---|---|
| அன்றாடச் செலவு | எளிது | அடிக்கடி கணக்குப் பார்க்க வேண்டும் | மிக எளிது | எளிது, தொடக்கத்தில் வேலை உண்டு |
| கேள்வி கேட்கப்படாத பணம் | ஒருவருக்கு மட்டும் | இருவருக்கும், ஆனால் சமமாக அல்ல | தனியாக ஒதுக்கினால்தான் | இருவருக்கும் |
| ஆபத்து நேரத்தில் கைக்கு எட்டுவது | கடினம் | கடினம் | எட்டும் | செலவுப் பணம் எட்டும் |
| உழைப்புக்குச் சான்று | குறைவு | சொத்து யார் பெயரிலோ அவருக்கே சாதகம் | கலந்துவிடும் | தெளிவாக இருக்கும் |

## எவ்வளவு போடுவது: கோவையில் ஒரு வீட்டுக் கணக்கு

உதாரணத்துக்குக் கோயம்புத்தூரில் வாடகை வீட்டில் இருக்கும் தம்பதியை எடுத்துக்கொள்வோம். கையில் வரும் சம்பளம் கணவருக்கு 52,000 ரூபாய், மனைவிக்கு 38,000 ரூபாய். கணவர் ஊரிலுள்ள பெற்றோருக்கு மாதம் 12,000 அனுப்புகிறார். மனைவிக்குக் கல்விக் கடன் தவணை 9,000. தன் பெற்றோருக்கு 5,000 கொடுக்கிறார்.

வீட்டுச் செலவை இருவரும் உட்கார்ந்து எழுதுகிறார்கள். வாடகை 14,000; மளிகை, காய்கறி, பால் 11,000; மின்சாரம், கேஸ், இணையம், கைபேசி 3,500; பெட்ரோலும் பேருந்தும் 4,500; மருத்துவக் காப்பீடும் மருந்தும் 2,500; ஊர்ப் பயணம், மொய் 4,500; அவசர நிதி 5,000. மொத்தம் 45,000. இதில் இரண்டு இடங்களைப் பலர் தவறவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது; பாதித் தொகையை ஒவ்வொரு மாதமும் ஒதுக்காவிட்டால் கட்டண மாதத்தில் கணக்கு உதைக்கும். மொய்யும் அப்படித்தான், ஆவணியிலும் தையிலும் முகூர்த்தங்கள் குவிந்துவிடும், மார்கழியில் ஒன்றும் இருக்காது. ஆண்டுத் தொகையை மதிப்பிட்டுப் பன்னிரண்டால் வகுப்பதே சரியான வழி.

இப்போது 45,000ஐப் பிரிக்க மூன்று வழிகள் உண்டு. சரிபாதி என்றால் ஆளுக்கு 22,500. கடமைகள் போக, கணவர் கையில் 17,500 மிஞ்சும். மனைவி கையில் 1,500தான் மிஞ்சும். சம்பள விகிதப்படி என்றால் கணவர் 26,000, மனைவி 19,000 போட வேண்டும். பார்க்க நியாயமாகத் தெரியும் இந்த வழியிலும் கணவருக்கு 14,000 மிஞ்ச, மனைவிக்கு 5,000தான் மிஞ்சுகிறது. ஏனெனில் கல்விக் கடனை இந்த விகிதம் கணக்கில் எடுக்கவில்லை.

மூன்றாவது வழியில் கணக்கைத் தலைகீழாகப் போடுகிறோம். இருவர் சம்பளமும் சேர்ந்து 90,000. வீட்டுச் செலவு 45,000, இரு பெற்றோருக்கும் 17,000, கல்விக் கடன் 9,000 போக மிச்சம் 19,000. இதை ஆளுக்கு 9,500 என்று முதலில் பிரித்துவிட்டால், கணவர் 30,500, மனைவி 14,500 பொதுக் கணக்கில் போட வேண்டியிருக்கும். எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. ஆனால் மனைவியின் கல்விக் கடனும் இரு வீட்டுப் பெற்றோருக்கான பணமும் குடும்பத்தின் பொதுக் கடமை என்று இருவரும் மனதார ஒப்புக்கொண்டால்தான் இந்தக் கணக்கு செல்லும். கணவருக்கு அதில் தயக்கம் இருந்தால், சம்பள விகிதத்தில் தொடங்கி, கடன் முடியும்வரை மனைவி போட வேண்டிய தொகையில் ஒரு பகுதியைக் குறைத்துக்கொள்ளலாம்.

## பேச்சை எப்படித் தொடங்குவது

சண்டைக்கு நடுவிலும் பெரியவர்கள் முன்னிலையிலும் இதைத் தொடங்கக் கூடாது. சேர்ந்து வாழத் தொடங்கி ஒரு முழு மாதச் செலவு கடந்தபின், சம்பளம் வந்த வாரத்தின் விடுமுறை நாள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். இருவரும் தங்கள் கணக்கின் மூன்று மாத அறிக்கையை எடுத்துக்கொள்ள வேண்டும். தானாகக் கழியும் இஎம்ஐ, காப்பீட்டுத் தவணை, சீட்டுப் பணம், நகைச் சீட்டு, நண்பரிடம் வாங்கிய கைமாற்று ஆகிய எல்லாம் பட்டியலில் வர வேண்டும்.

முதலில் பேசுபவர் கேள்வியோடு தொடங்கினால் மற்றவர் தற்காப்புக்குப் போய்விடுவார். “உங்க சம்பளத்துல எவ்வளவு உங்க வீட்டுக்குப் போகுது?” என்று கேட்பது விசாரணையாக ஒலிக்கும். “எனக்கு மாசம் ஒன்பதாயிரம் படிப்புக் கடனுக்குப் போகுதுங்க, இன்னும் மூணு வருஷம் இருக்கு. உங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுன்னு முதல்ல சொல்றேன்” என்று தன் பக்கத்தை வைத்துவிட்டால், மற்றவரும் தன் கணக்கைச் சொல்ல வழி பிறக்கும். கணவர் தொடங்குவதாக இருந்தாலும் இதே முறைதான்: தன் கடனையும் தான் வீட்டுக்கு அனுப்பும் பணத்தையும் சொன்னபின் கேட்கட்டும்.

முதல் பேச்சில் மூன்று விஷயங்கள் முடிந்தால் போதும்: இருவரின் வரவும் கடனும், பெற்றோருக்கான தொகை, எவ்வளவுக்கு மேல் போனால் ஒருவரையொருவர் கேட்க வேண்டும் என்ற வரம்பு. அந்த வரம்பு 3,000 ரூபாயோ 5,000 ரூபாயோ இருக்கலாம். பொதுக் கணக்குக்கு மட்டுமே அது பொருந்தும். தனிக் கணக்குப் பணத்துக்கு எந்தக் கேள்வியும் கூடாது. பிறந்த வீட்டிலிருந்து மனைவிக்கு வந்த நகையும் பணமும் இந்தப் பட்டியலுக்குள் வரவே கூடாது. சீதனம் பெண்ணின் முழுச் சொத்து, அதில் கணவருக்கு எந்த உரிமையும் இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலிலும் உறுதி செய்திருக்கிறது.

மகன் சம்பளம் தன் கைக்கு வந்து பழகிய தாய்க்கு, பொதுக் கணக்கு என்ற பேச்சு மருமகள் செய்த வேலையாகவே தோன்றும். அதனால் அந்தச் செய்தியை மகன்தான் சொல்ல வேண்டும், அதுவும் தொகையோடும் தேதியோடும்: “அம்மா, மாசாமாசம் மூணாம் தேதி பன்னிரண்டாயிரம் உங்க கணக்குல விழுந்துடும். நீங்க கேக்கவே வேண்டாம்.” கேட்டு வாங்கிக்கொண்டிருந்த பணம் கேட்காமலே நாள் தவறாமல் வருவதைப் பார்த்தபின் எதிர்ப்பு பெரும்பாலும் தணிந்துவிடுகிறது.

## வங்கிக்குப் போகும் நாளில்

இருவரும் நேரில் ஆதார், பான் அட்டை, புகைப்படத்தோடு போக வேண்டும். திருமணத்துக்குப் பின் மனைவி தலைப்பெழுத்தையோ பெயரையோ மாற்றியிருந்தால் ஆதாரிலும் பானிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுவது நல்லது. கைபேசி எண் கட்டத்தில் இருவர் எண்ணையும் எழுதி, இரண்டாமவர் எண்ணும் கணினியில் ஏறியதா என்று கேட்டு உறுதி செய்யவேண்டும். முதல் பெயருக்குரிய எண் மட்டும் பதிவாகியிருந்தால், மற்றவர் யூபிஐ செயலியில் வங்கியைத் தேர்ந்தபின் கணக்கு இல்லை என்றே வரும். அது சரியாகும்வரை, தன் கணக்கிலிருந்து இன்னொருவர் பணம் செலுத்த அனுமதிக்கும் யூபிஐ சர்க்கிள் வசதியில், எண் பதிவானவர் மற்றவரைச் சேர்த்துக்கொள்ளலாம். முழு அனுமதி கொடுத்தால் மாதம் 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் கேட்காமலே செலவிடலாம்.

யார் பெயர் முதலில் என்பதையும் யோசித்து எழுத வேண்டும். வட்டி விவரம் வருமான வரித் துறைக்கு முதல் பெயரின் பான் எண்ணில்தான் போகும். சேமிப்புக் கணக்கின் சிறு வட்டிக்கு இது பெரிய விஷயமில்லை. அவசர நிதியை வைப்புத்தொகையாக மாற்றும்போது முக்கியமாகிவிடும். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை வாரிசு நியமனம் செய்யலாம். கூட்டுக் கணக்கைவிட இருவரின் தனிச் சம்பளக் கணக்குகளில்தான் அது விடுபட்டுப்போகிறது. அதே நாளில் அதையும் முடித்துவிடலாம்.

கடைசியாக, இந்த ஏற்பாட்டை எப்போது திருத்துவது என்பதை இப்போதே முடிவு செய்ய வேண்டும். மேலே சொன்ன வீட்டில் குழந்தை பிறந்து, சம்பளத்தோடு கூடிய 26 வார மகப்பேறு விடுப்பு முடிந்தபின் மனைவி வேலையை விட்டால், கணவரின் 52,000இல் இரு வீட்டுப் பெற்றோருக்கும் கல்விக் கடனுக்கும் 26,000 போகும். அவசர நிதியை நிறுத்தினாலும் வீட்டுச் செலவு 40,000. யாருக்கும் தனிப்பணம் இல்லை என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 14,000 பற்றாக்குறை. இரண்டு ஆண்டுகள் சேர்த்த 1,20,000 ரூபாய் அவசர நிதி எட்டு மாதத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும், அதுவும் குழந்தைக்கான செலவைச் சேர்க்காமல். அதனால் இப்படியொரு திட்டம் இருக்கும் தம்பதி, ஆளுக்கு 9,500 என்று பிரித்ததிலிருந்து 3,000 வீதம் இப்போதே அவசர நிதியோடு சேர்த்துக்கொண்டு, கர்ப்பம் உறுதியான மாதத்தில் முழுக் கூட்டுக் கணக்கு முறைக்கு மாறுவதா என்று மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும்.